ராசாவுக்குப் போட்ட புள்ளடி

புள்ளடி என்றால் சரியா பிழையா என்று ஒரு டொக்டரும் ஒரு ரீச்சரும் ஒரு ராசாவும் என் மேசைக்கு முன்னால் நின்று சண்டை பிடித்தார்கள். மேசை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பழைய எக்ஸ்ரே பெட்டி ஒன்றுக்கு மேல் பலகை போட்டு எனக்குத் தந்திருந்தார்கள்.

நான் அபிவிருத்தி உத்தியோகத்தர். பட்டதாரிகளை அரசாங்கம் மொத்தமாக எடுத்துக் கந்தோர் கந்தோராகக் கொட்டியபோது, என்னைக் குடாநாட்டில் ஒரு மார்பு நோய்க் கிளினிக்கில் கொட்டியது. எந்தக் கிளினிக் என்று சொல்ல மாட்டேன். அதில் இன்னும் ஆட்கள் வேலை செய்கிறார்கள், எனக்கும் ஓய்வூதியம் வேண்டும். நான் படித்தது புவியியல். காசநோய்க்கும் புவியியலுக்கும் என்ன சம்பந்தம் என்று முதல் நாளே கேட்டேன். "இரண்டிலையும் படம் இருக்கு மிஸ்" என்று எக்ஸ்ரே எடுக்கிறவர் சொன்னார். அன்றிலிருந்து அவருடன் நான் அதிகம் கதைப்பதில்லை.

கிளினிக்குக்குப் புதிதாக ஒரு டொக்டர் வந்தார். இளம் வயது, நல்ல மனிதர், ஆனால் எதையும் நிறத்தில் பார்க்க வேண்டும் அவருக்கு. வந்த கிழமையே என்னிடம் கேட்டார்.

"மிஸ், உங்களுக்கு எக்செல் தெரியுமோ?"

தெரியும் என்றேன். தெரியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அலுமாரிக்குள் இருந்த சிகிச்சை அட்டைகள் எல்லாவற்றையும் அள்ளி என் பலகையில் வைத்தார். காசநோய்க்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. நடுவில் மடித்திருக்கும். உள்ளே கட்டங்கள்: மாதத்துக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு கட்டம். நோயாளி குளிசையை யாராவது ஒருவருக்கு முன்னால் விழுங்க வேண்டும். விழுங்கினால் அன்றைய கட்டத்தில் புள்ளடி, குறுக்கும் மறுக்குமாக இரண்டு கீறல். வராவிட்டால் சைபர். பயணம் கியணம் என்று குளிசையை வீட்டுக்குக் கொடுத்துவிட்டால், எத்தனை நாளைக்குக் கொடுத்ததோ அத்தனை கட்டத்துக்கும் சேர்த்து ஒரு நீட்டுக்கோடு. சளிச் சோதனை முடிவுகள் வேறொரு மூலையில். இதெல்லாம் எங்கள் தாதி பல வருடமாகச் செய்துவருகிற முறை.

"இதிலை எனக்கு ஒண்டும் தெரியுதில்லை" என்றார் டொக்டர். "ஒரு ஆள் குளிசையை விட்டால் அடுத்த கிளினிக்குக்கு அட்டையை விரிக்கேக்கைதான் தெரியவரும். அதுக்குள்ளை கிருமி மருந்துக்குப் பழகீடும். எனக்கு மாதம் ஒரு பக்கம் வேணும். எல்லாரும் ஒரே பக்கத்திலை. ஆர் விட்டது, ஆருக்கு எப்ப சளி எடுக்கிறது, பாத்த உடனை தெரியவேணும்."

அதில் நியாயம் இருந்தது. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. நியாயமில்லாத வேலை என்றால் இழுத்தடிக்கலாம்.

ஆக, மாதத்துக்கு ஒரு பக்கம் செய்தேன். ஆளுக்கு ஒரு வரிசை. பெயர் போடவில்லை, பதிவு இலக்கம் மட்டும். மருந்து தொடங்கிய திகதி, பிறகு நாட்கள், கடைசியில் விட்ட நாட்களின் கூட்டுத்தொகை. அதற்கு அங்கால் சளிச் சோதனைக்கு மூன்று இடம்: இரண்டாம் மாத முடிவு, ஐந்தாம் மாத முடிவு, சிகிச்சை முடிவு. ஒவ்வொன்றுக்கும் எடுக்க வேண்டிய திகதி, எடுத்த திகதி, முடிவு. ஒரு நாள் விட்டால் வரிசை மஞ்சள். தொடர்ந்து மூன்று நாள் விட்டால் சிவப்பு. சிவப்பு என்றால் பி.எச்.ஐ. அன்றைக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். பி.எச்.ஐ. என்பது சுகாதாரப் பரிசோதகர். வயதான மனிதர், இரண்டு முழங்காலும் நோ. சிவப்பு நிறத்தை அவர் முதல் நாளிலிருந்தே வெறுத்தார்.

கொம்பியூட்டர் திகதியை மாதம் முன்னால் நாள் பின்னால் என்று அமெரிக்க முறையில் பிடித்துக்கொண்டதில், ஒரு ஐயாவுக்கு மருந்து தொடங்க முன்னமே சளிச் சோதனைத் திகதி வந்துவிட்டது. "இவர் முன்கூட்டியே சுகமாயிட்டார் போல" என்றார் டொக்டர். அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். நன்றி என்று யாரும் சொல்லவில்லை.

திருத்த முடியாமல் போனது புள்ளடிதான். அட்டவணையின் கட்டங்களில் என்ன போடலாம் என்று டொக்டர் தானே ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். எடுத்தால் சரி அடையாளம். எடுக்காவிட்டால் புள்ளடி.

"டொக்டர், அட்டையிலை புள்ளடி எண்டால் எடுத்தது" என்றேன்.

"மிஸ், சின்னப் பிள்ளைக்கும் தெரியும், புள்ளடி எண்டால் பிழை."

"எலெக்சனிலை புள்ளடிதானே போடுறம். அது பிழையோ?"

மூலைக் கதிரையில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த பி.எச்.ஐ. நிமிரவில்லை. "அது பிழையெண்டு போட்டாப் பிறகுதான் தங்கச்சி தெரியவரும்" என்றார்.

டொக்டர் மசியவில்லை. தாதி அட்டையை வைத்து வாசிப்பா, நான் தட்டுவேன். அவ "புள்ளடி" என்றால் நான் சரி போடுவேன். அவ "சைபர்" என்றால் நான் புள்ளடி போடுவேன். அவ "கோடு" என்றால் அத்தனை கட்டத்துக்கும் வீடு என்று போடுவேன். "புள்ளடி, புள்ளடி, புள்ளடி, சைபர்." "சரி, சரி, சரி, புள்ளடி." கிளினிக்குக்கு வந்து வாங்குப் பலகையில் இருந்த ஒரு மனிசி, "உவையள் என்னத்துக்கு இவ்வளவு நேரமாச் சண்டை பிடிக்கினம்?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டா.

இப்படியே போய்க்கொண்டிருக்கும்போது ராசாவின் அட்டை வந்தது.

ராசா என்றால் கூத்து ராசா. ஆள் கொழும்புத்துறைப் பக்கம் கடற்றொழில். நாற்பத்தைந்து வயதிருக்கும். குரல் மட்டும் எண்பது பேருக்குக் காணும். அந்தப் பக்கத்துக் கோயிலடியில் கூத்துப் பழகுகிறார்கள். அதில் இந்த மனிதருக்கு ராசா வேசம். பழக்கத்தின்போதுதான் இருமத் தொடங்கியிருக்கிறார். ராசா இருமினால் எல்லோரும் அது பாட்டின் ஒரு பகுதி என்று நினைத்திருக்கிறார்கள். கடைசியில் சளியில் கிருமி கண்டபோது, மூடின மண்டபத்துக்குள் அவருடன் நின்று பாடிய எல்லோரையும் பி.எச்.ஐ. சோதனைக்குக் கூட்டிவந்தார். மந்திரி, சேனாதிபதி, ராணி வேசம் கட்டுகிற மீசைக்காரர், கொலையாளி, எல்லோரும் வரிசையாக எக்ஸ்ரேக்கு நின்றார்கள். ஒருவருக்கும் நோய் இல்லை. ஆனால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒரு சொல் சொல்லிவிட்டார்: இரண்டாம் மாதச் சளிச் சோதனையில் கிருமி இல்லை என்ற கடதாசி கொண்டுவந்தால் ராசா உள்ளே வரலாம், அதுவரை மண்டபத்துக்கு வெளியே.

மருந்து தொடங்கிச் சில கிழமையிலேயே மற்றவர்களுக்குத் தொற்றுகிற பயம் பெரும்பாலும் போய்விடும் என்று டொக்டர் அண்ணாவியாருக்கு விளக்கினார். அண்ணாவியார் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "ஓம் டொக்டர், கடதாசியைத் தாங்கோ" என்றார். பெரிய ஒத்திகைக்கு முன் கடதாசி வராவிட்டால் ராசா வேசம் வேறு ஆளுக்கு. அந்த வேறு ஆள், ராசாவின் மனைவியின் தம்பி. மச்சான். அவர் ஏற்கெனவே கிரீடத்தைத் தலையில் போட்டு அளவு பார்த்துவிட்டார் என்று ராசா என்னிடம் சொன்னபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. நோய் என்று சொன்ன அன்றைக்கு அது கலங்கவில்லை.

தினமும் கிளினிக்குக்கு வருவது கஷ்டம் என்பதால், அவர் குளிசை விழுங்குவதைப் பார்க்கிற பொறுப்பை அவருடைய ஒழுங்கை முகப்பில் இருந்த ஒரு ரீச்சர் எடுத்தா. ஓய்வுபெற்ற கணித ரீச்சர். தானாக முன்வந்து எடுத்தா. குளிசைப் பெட்டியும் அட்டையும் அவவிடம். மாத முடிவில் அட்டை எங்களிடம் வரும்.

வந்த அட்டையை விரித்துத் தாதி வாசிக்கத் தொடங்கினா. "சரி, சரி, புள்ளடி, சரி, புள்ளடி, புள்ளடி, புள்ளடி..."

நான் கையை எடுத்துவிட்டேன். இரண்டும் இருக்கிறது. சிவப்புப் பேனை. ஓரங்களில் சின்னச் சின்ன எழுத்துகள் வேறு, வாசிக்க முடியவில்லை. டொக்டரிடம் கொண்டுபோனேன்.

அவர் ஒரு நிமிடம் பார்த்தார். "இதிலை சரியும் இருக்கு, புள்ளடியும் இருக்கு. சரி எண்டால் எடுத்தது. அப்ப புள்ளடி எண்டால் எடுக்காதது. வேறை என்ன?"

"ரீச்சரிட்டைக் கேட்டுப்போட்டுப் பதிவம்."

"தர்க்கம் இருக்குத்தானே மிஸ்."

ரீச்சருக்கு அழைப்பு எடுத்தேன். போனை எடுக்கவில்லை. டொக்டருக்கு அடுத்த நாள் கூட்டம், அட்டவணையை அங்கே காட்ட வேண்டும், காத்திருக்க முடியாது. அவர் சொன்னபடி பதிந்தேன். ராசாவின் வரிசை சிவந்தது. மஞ்சளைத் தாண்டி நேரே சிவப்பு.

அந்தச் சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து சேர்ந்த குளிசை. விட்ட நாட்களுக்கு உரிய குளிசையையும் விழுங்கி முடித்தால்தான் அந்த முதற்கட்டச் சிகிச்சை முடியும், பிறகுதான் சளி எடுப்பது. அவ்வளவு புள்ளடிக்கும் உரிய நாளைக் கூட்டினால் ராசாவின் சளித் திகதி பெரிய ஒத்திகையைத் தாண்டிப் போய் விழுந்தது. கொம்பியூட்டர் அதைத் தானாகவே செய்தது. நான்தான் அப்படிச் செய்யச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

பி.எச்.ஐ. முழங்காலைத் திட்டிக்கொண்டு போனார். ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். பின்னால் ஒரு ஓட்டோ. அதில் ராசா, ராசாவின் மனைவி.

ராசா ஓட்டோவால் இறங்கும்போதே தொடங்கிவிட்டார்.

"ஆர் சொன்னது நான் குளிசை விட்டதெண்டு? ஆர் அந்த ஆள்? என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்."

முழுக் கிளினிக்கும் என் முகத்தைப் பார்த்தது. கோழைகள்.

"உதிலை சிவப்பாக் கிடக்கு அண்ணை" என்றேன்.

"சிவப்போ? என்ரை வாசலிலை மோட்டார் சைக்கிள் நிண்டதை என்ரை மச்சான் கண்டிட்டான். அவன் அதிலையிருந்து பாடிக்கொண்டு நிக்கிறான் தங்கச்சி. நான் மேடைக்கு வரேக்கை பாடுற வரவுப் பாட்டை. அந்தோனியார் மேலை ஆணையாச் சொல்லுறன், நான் ஒரு நாளும் விடேல்லை. ஒரு நாளும்."

அவருடைய மனைவி மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தா. அதை நான் கவனித்தேன்.

அதற்குள் ரீச்சரும் வந்து சேர்ந்தா. பி.எச்.ஐ. போன சத்தம் கேட்டு, யாரையோ பிடித்து ஸ்கூட்டியில் ஏறி வந்திருக்கிறா. மடியில் ஒரு பிஸ்கட் பேணி, அதற்குள் குளிசைகள். நாங்கள் கொடுத்த பெட்டி அவவுக்குப் பிடிக்கவில்லையாம், எறும்பு வருமாம். கதிரை கொடுக்க முன்னமே இருந்துவிட்டா. என் கதிரையில்.

டொக்டர் அட்டையைக் காட்டினார். "ரீச்சர், இந்தப் புள்ளடி என்ன?"

"பிழை."

டொக்டர் என்னைப் பார்த்தார். வெற்றிப் பார்வை.

"அப்ப அண்டைக்கு இவர் குளிசை விழுங்கேல்லை."

"விழுங்கினவர்."

"விழுங்கினால் ஏன் பிழை?"

"பிழையா விழுங்கினவர்" என்றா ரீச்சர். "இஞ்சை பாருங்கோ. இது, ஏழு மணிக்கு வரச்சொன்னால் எட்டரைக்கு வந்தது. பிழை. இது, வெறுவயித்திலை விழுங்கச் சொன்னால் புட்டைத் திண்டுபோட்டு வந்தது, வாயிலை தேங்காய்ப்பூ. பிழை. இது, எல்லாக் குளிசையையும் ஒண்டாப் போட்டுப் புரைக்கேறி என்ரை பூச்சாடிக்குள்ளை துப்பப் பாத்தது. நான் விடேல்லை. இது, குடிச்சிட்டு வந்து எனக்குப் பாட்டுப் பாடினது."

"ரீச்சர், அது வெறும் பாட்டு" என்றார் ராசா.

"மணமில்லாத பாட்டோ அது? இந்தக் குளிசையோடை சாராயம் ஈரலுக்குக் கூடாதெண்டு உமக்குச் சொன்னதோ இல்லையோ? பிழை."

டொக்டர் மெல்ல உட்கார்ந்தார். "அப்ப சரி எண்டால்?"

"சரியா வந்து, சரியா விழுங்கி, வாயைத் திறந்து காட்டினது."

"அப்ப வராத நாளுக்கு என்ன போடுவியள்?"

"வராத பிள்ளைக்கு ஆர் புள்ளி போடுறது? வெறுமையா விடுவன். ஆனால் இவர் வராமல் இருக்கேலாது. ஏழரைக்கு வராட்டி நான் போய்ப் படலையிலை நிண்டு கூப்பிடுவன்." ராசாவின் மனைவி தலையை ஆட்டி அதை உறுதிப்படுத்தினா. ஓரத்து எழுத்துகளையும் ரீச்சர் விளக்கினா. தண்ணீர் சிந்தியதற்கு அரைப் புள்ளி குறைத்திருந்தா. மாத முடிவில் கூட்டி நூற்றுக்கு எவ்வளவு என்றும் போட்டிருந்தா. ராசா நாற்பத்தெட்டு.

"பாஸ்தானே" என்றார் ராசா.

பி.எச்.ஐ. அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "நான் முப்பது வருசமா உந்த வேலை செய்யிறன் ரீச்சர். குளிசைக்குச் சோதனை வைச்ச ஆளை இப்பதான் பாக்கிறன்."

அவர் சும்மா விடவில்லை. பேணியைத் திறந்து மிச்சமிருந்த குளிசை மட்டைகளை எடுத்து, நாங்கள் கொடுத்ததோடு சரிபார்த்தார். அதுதான் முறை. அடையாளம் பொய் சொல்லலாம், மட்டை சொல்லாது. கணக்கு ஒத்துவந்தது. புள்ளடி போட்ட நாட்களின் குளிசை எல்லாம் போயிருந்தது. ராசா நெஞ்சை நிமிர்த்தினார். டொக்டருடைய முகம் வாடிப்போனது. நான் சிவப்பை எடுக்க மவுசைத் தொட்டேன்.

தொட்ட கை நின்றது. நான் அந்த அட்டையை அன்றைக்குப் பத்துத் தடவை பார்த்திருப்பேன். புள்ளடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, கோபத்துக்கு ஏற்றபடி. சரிகளும் அப்படித்தான். ஆனால் ஓரிடத்தில் மட்டும் நாலு சரி, ஒரே சாய்வு, ஒரே நீளம். கோழி நடந்த மாதிரி இல்லாமல் அச்சடித்த மாதிரி.

"ரீச்சர், இந்த நாலும் ஒரே மூச்சிலை போட்டதோ?"

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"கொழும்புக்குப் போனனான். கனடா விசாவுக்குக் கைரேகை வைக்க. மகள் கூப்பிடுறா."

"அப்ப ஆர் பாத்தது?"

"குளிசை மட்டையை இவரிட்டைக் குடுத்திட்டுப் போனன். அந்தக் கிழமை முழுக்க ஆள் நல்ல ஒழுங்கு. ஒரு நம்பிக்கையிலை சரி போட்டன்."

"வீட்டுக்குக் குடுத்தால் கோடு போட வேணும் ரீச்சர். சரி போடக்கூடாது."

"கோடு எண்டால் கீறி வெட்டினதெல்லோ. செய்த கணக்கை ஏன் வெட்டுறது?"

"அவர் செய்தாரோ எண்டுதான் இப்ப கேள்வி" என்றேன்.

எல்லோரும் ராசாவைப் பார்த்தோம். அவர் வெளியே நின்ற ஓட்டோவைப் பார்த்தார். அவருடைய மனைவி கைப்பையைத் திறந்தா. நாலு நாள் குளிசை, மட்டை உடைக்காமல், நூலால் சுற்றியபடி பலகையில் வந்து விழுந்தது.

"கிரீடம் வைச்ச பெட்டிக்குள்ளை இருந்தது" என்றா. "தம்பி கிரீடத்தைக் கேட்டு இண்டைக்கு விடிய வந்தவன். எடுத்துக் குடுக்கத் திறந்தன்."

"அவனுக்குக் கிரீடத்தைக் குடுத்தனியோ?" என்றார் ராசா.

"அந்தோனியாரைப் பற்றிக் கதையுங்கோ முதல்" என்றா மனைவி.

காரணம் பிறகு வந்தது. மெதுவாக வந்தது. ராசாவின் படகு இயந்திரம் பழுதாகி, அந்த நாலு நாளும் மச்சானின் படகில் போயிருக்கிறார். இந்தக் குளிசை விழுங்கினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது மருந்தின் நிறம், பயமில்லை, எல்லோருக்கும் சொல்லித்தான் கொடுக்கிறோம். ஆனால் படகில் மறைவு ஏது.

"முந்தின நாள் குளிசையின்ரை நிறத்தை முதல் நாளே கண்டிட்டான் தங்கச்சி" என்றார் ராசா. "'அத்தான், ராசாவுக்குப் பொன்னாத்தான் போகுமோ' எண்டு கேட்டான். மற்றப் படகுக்காரருக்குக் கூப்பிட்டுச் சொன்னான். அதை ஒரு பாட்டாவும் கட்டிப்போட்டான். நல்ல பாட்டு. அதுதான் எனக்கு விசர்."

யாரும் சிரிக்கக்கூடாது என்று முயன்றோம். முதலில் தோற்றது தாதி.

டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ராசாவுக்கு முன்னால் வந்து, நாலு நாள் விடுவதால் என்ன நடக்கலாம், இன்னும் விட்டால் என்ன நடக்கும், கிருமி மருந்துக்கு மசியாமல் போனால் எத்தனை மாதம் எப்படியான மருந்து என்று எல்லாவற்றையும் சொன்னார். அதட்டவில்லை. அதனால் ராசா கேட்டார். "நாலு நாளைக் கூட்டி விழுங்குங்கோ, பிறகு சளி எடுப்பம்" என்று முடித்தார்.

"ஒத்திகைக்கு முந்தியோ பிந்தியோ?"

நான் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தேன். சளி எடுப்பது ஒத்திகைக்கு முதல் நாள் காலை. கடதாசி அன்றைக்குப் பின்னேரம்.

"முந்தி" என்றேன். "ஒரு நாள் பிந்தினாலும் மச்சான்தான்."

அதன் பிறகு அந்த மனிதர் குளிசை விட்டதில்லை. ஏழு மணிக்கு ரீச்சர் படலையைத் திறக்க முன்னமே அங்கே நிற்பாராம்.

சளி எடுக்கிற நாள் வந்தது. கிளினிக்குக்குப் பின்னால் வேம்புக்குக் கீழே, வெளிக்காற்றில்தான் எடுப்பது. ராசா போத்தலோடு போனார், வந்தார். ஆய்வுகூடத்துப் பிள்ளை மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தா. "இது துப்பல் ஐயா. சளி வேணும். நெஞ்சுக்குள்ளையிருந்து."

திரும்பப் போனார். வந்தார். துப்பல். மூன்றாம் தடவையும் துப்பல். நோய் குறைந்தால் சளி குறைந்துபோகும், அது நல்லதுதான், ஆனால் கடதாசி எழுத ஏதாவது வேண்டுமே. மத்தியானத்துக்குள் கொடுக்காவிட்டால் அன்றைக்குப் பார்க்க முடியாது என்று அந்தப் பிள்ளை சொன்னா. ராசா போத்தலைப் பிடித்துக்கொண்டு வேம்பின் கீழே நின்றார். இரண்டு மாதத்துக்கு முன்னால் நிறுத்த முடியாமல் இருமிய மனிதர், ஒரு இருமலுக்காக அங்கே நின்றார். எனக்கே பாவமாக இருந்தது, எனக்கு அப்படி எளிதில் வருவதில்லை.

"என்ன செய்தால் உங்களுக்கு இருமல் வாறது?" என்று யன்னலால் கேட்டேன்.

யோசித்தார். "வரவுப் பாட்டிலை மேலை ஏறுற இடத்திலை."

"அப்ப ஏறுங்கோ."

ஏறினார். கிளினிக் முழுக்க அதிர்ந்தது. வாங்கில் இருந்தவர்கள் எழும்பி யன்னலுக்கு வந்தார்கள். தெருவில் போன ஒரு ஐஸ்கிறீம் வண்டி தன் பாட்டை நிறுத்தியது. மூன்றாவது அடியில் மேலே போகும்போது பிடித்துக்கொண்டது. நல்ல, ஆழமான, நெஞ்சைக் கிழிக்கிற இருமல். தாதி கை தட்டினா. காசநோய்க் கிளினிக்கில் ஒருவர் இருமியதற்குக் கை தட்டியது அன்றைக்குத்தான்.

பின்னேரம் மூன்றரைக்கு ஆய்வுகூடத்துப் பிள்ளை முடிவை என் பலகையில் வைத்தா. கிருமி காணப்படவில்லை. அட்டவணையில் பதிந்தேன். டொக்டர் கையெழுத்துப் போட்ட கடதாசியை ராசா இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், வெளியே எடுத்து வாசித்தார், திரும்ப வைத்தார்.

அடுத்த திங்கள் ரீச்சர்தான் சேதி கொண்டுவந்தா. அண்ணாவியார் கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து முழுவதும் வாசித்தாராம். பிறகு, மச்சானும் இரண்டு மாதம் பாடமாக்கிவிட்டான், அவனையும் வெளியே விட ஏலாது என்றாராம். கூத்துகளில் ஒரே வேசத்தை இரண்டு பேர் பகிர்ந்து ஆடுவது உண்டு. முன் ராசா மச்சான். பின் ராசா இவர். முன் ராசாவுக்குத்தான் கொலுவும் கலியாணமும். பின் ராசாவின் வேலை போரில் தோற்றுச் சாவது.

அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது அவருக்கு வந்த கோபம். "ரெண்டு மாதம் குளிசை விழுங்கினது சாகிறதுக்கோ தங்கச்சி?"

"இன்னும் நாலு மாதம் இருக்கு அண்ணை. இப்ப ரெண்டு மருந்துக் குளிசை. அதைப் பிடியுங்கோ" என்றேன்.

டொக்டரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அந்த அட்டைச் சண்டைக்கு அடுத்த நாள் காலை என் பலகைக்கு வந்து, "மிஸ், கேட்டுப்போட்டுப் பதிஞ்சிருக்க வேணும்" என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. அட்டவணையைத் திறந்து, புள்ளடியையும் சரியையும் இரண்டையும் அழித்தேன். எடுத்தால் எ. இல்லையென்றால் இ. வீட்டுக்குக் கொடுத்தால் வீ. வீ போட்ட நாட்களுக்கு மிச்ச மட்டையைப் பார்க்காமல் எ போடக்கூடாது. எந்தக் கட்டமும் வெறுமையாக விடக்கூடாது. விட்டால் கொம்பியூட்டர் சாம்பல் நிறம் காட்டும். சாம்பல் என்றால் யாரும் மோட்டார் சைக்கிளில் ஓடுவதில்லை, முதலில் போன் எடுத்துக் கேட்பது. பி.எச்.ஐ. சாம்பல் நிறத்தை மனதாரப் பாராட்டினார். அட்டைகளின் மேலும் இதே எழுத்துகளை ஒட்டி எல்லோருக்கும் அனுப்பினேன்.

ரீச்சருக்கு அது பிடிக்கவில்லை. "சரி பிழை இல்லாமல் ஒரு பிள்ளை எப்பிடித் திருந்தும்?" என்று கேட்டா. ஆனால் அடுத்த மாத அட்டையில் கட்டத்துக்குள் எ மட்டும்தான் இருந்தது. புள்ளிகளை எல்லாம் பின்பக்கத்தில் போட்டிருந்தா. அதை நான் பதியவில்லை. வாசித்தேன்.

கூத்துக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். நான், தாதி, டொக்டர், முழங்காலுக்குத் தலையணையோடு பி.எச்.ஐ. எங்களுக்கு முன் வரிசை. அதே வரிசையில் ரீச்சர். மச்சான் முன்பாதியை நன்றாகத்தான் ஆடினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு எங்கள் ராசா வந்தார். தோற்றார். விழுந்தார். விழுந்த பிறகும் மூச்சு விடாமல் ஒரு நீண்ட பாட்டுப் பாடினார், ஒரு இருமல் இல்லாமல். அவருடைய மனைவி அழுதா. மச்சான் திரைக்குப் பக்கத்தில் நின்று, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

ரீச்சர் என் பக்கம் சாய்ந்தா.

"செத்தது சரி" என்றா. "வரவு கொஞ்சம் பிந்தினது."